வாடகை தொடங்கும் நாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் முட்டாள். சாதாரண முட்டாள் என்றால் ஊரில் கொஞ்சம் இரக்கமாவது கிடைக்கும். நான் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, அதை மார்க்கெட், டீக்கடை, வாக்கிங் போகும் மைதானம் என்று ஓரிடம் விடாமல் சொல்லியும் வைத்திருந்தேன். அதனால் அந்த இரக்கமும் இல்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் முப்பத்திமூன்று வருடம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸில் சில மாதங்கள் இருந்துகொள்ளலாம். பிறகு காலி செய்துதான் ஆக வேண்டும். அதற்காகவே சுரங்க நகரியத்துக்கு வெளியே வடலூர் போகிற ரோட்டில் ஒரு கட்டிடம் எழுப்பினேன். கீழே பெரிய கடை, மேலே எங்கள் வீடு. வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சுவரும் கூரையும் இருந்தன. தரையும் கதவும் குளியலறையும் வருவதற்குள் கையிலிருந்தது தீர்ந்துவிட்டது.

திட்டம் எளிமையானது. கடையை வாடகைக்கு விடுவது, அந்த அட்வான்ஸிலும் வாடகையிலும் மேல்வீட்டை முடிப்பது, கெடு வருவதற்குள் குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட்டுக் குடியேறுவது. என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று.

“ரிட்டயர் ஆனவன் பொண்டாட்டி சாமான் சட்டியோட ரோட்ல நிக்கிறான்னு பிளாக்ல யாரும் பேசக் கூடாது. அவ்ளோதாங்க.”

“அப்படி நின்னா நானும் பக்கத்துல நிப்பேன்” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கடையைக் கேட்டு ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி வந்தது. பல ஊர்களில் கிளை உள்ள கம்பெனி. அவர்கள் பக்கத்தில் பேச வந்தவர், இடம் பிடிக்கிற வேலையில் இருக்கும் ஓர் அதிகாரி. நாற்பது வயதிருக்கும், பண்ருட்டியில் தங்கி இந்தப் பக்கம் முழுக்கச் சுற்றுகிறவர். காலிக் கடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

“சார், எங்களுக்கு மூணு மாசம் ஃபிட்-அவுட் வேணும். அதுக்கு வாடகை கிடையாது” என்றார்.

“அப்டின்னா?”

“ஏசி, ரேக்கு, சீலிங், ஃப்ரீசர் எல்லாம் எங்க செலவுல நாங்க போடணும்ல சார். அது முடியறவரைக்கும் வியாபாரம் இல்ல. வியாபாரம் இல்லாம வாடகை எப்படிக் குடுக்கறது? எல்லா ஊர்லயும் இதான் வழக்கம்.”

“எங்க ஊர்ல கல்யாண மண்டபத்துலகூட பந்தல் போடற நாளுக்கும் காசு வாங்கிடுவாங்க தம்பி.”

அவர் நன்றாகச் சிரித்தார். என் நகைச்சுவைக்குச் சிரிக்கிறவர்கள் மேல் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும். இது என் பழைய வியாதி.

இரண்டு நாள் யோசித்து எதிர்ப்பாட்டு பாடினேன். மூன்று மாதம் இலவசம் தருகிறேன், ஆனால் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் கூட வேண்டும். மூன்று வருடத்துக்கு நீங்கள் காலி செய்யக் கூடாது என்கிற லாக்-இன் வேண்டும். அந்த மூன்று வருடத்தை இலவச மாதங்கள் தின்றுவிடக் கூடாது, ஆகவே லாக்-இன் கணக்கு வாடகை தொடங்குகிற நாளிலிருந்துதான். நடுவில் ஓடினால், நான் விட்டுக்கொடுத்த மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன். அவர்கள் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாடகை ஏறுவதையும் அதே நாளிலிருந்தே எண்ண வேண்டும். போனால் போகிறது என்று பெருந்தன்மையாகச் சம்மதித்தேன்.

என் நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் அதிகாரி ஐந்து நிமிடத்தில் சரி சொன்னார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது. பழைய ஷிப்ட் ஆட்கள் பத்துப் பேருக்குப் போன் போட்டு, பெரிய கம்பெனியை எப்படி மடக்கினேன் என்று விளக்கினேன்.

ஒப்பந்தம் ஒன்பது வருடத்துக்கு. பதிவு செய்தாக வேண்டும். கம்பெனி அனுப்பிய ஆங்கில வரைவை, பத்திரம் எழுதும் குள்ளஞ்சாவடிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பழக்கமானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

“அண்ணே, இதுல மூணு தேதி வருது. கையெழுத்துப் போட்ற தேதி, எடத்த ஒப்படைக்கிற தேதி, வாடக ஆரம்பிக்கிற தேதி. மொதலுக்குத்தான் நாளு போட்டுக்கிறான். மத்த ரெண்டும் காலியா கெடக்குது.”

“ஒப்படைக்கிற தேதின்னா சாவி குடுக்கிற தேதி. இதுல என்னா இருக்குது?”

“சாவின்னு எங்கியும் இல்லியே. ஓனரு செய்ய வேண்டிய வேலைய முடிச்சி, ரெண்டு பேரும் ஒப்படைப்புத் தாள்ல கையெழுத்துப் போட்டாத்தான் அது ஒப்படைப்பு. அதுக்கு முன்னாடி அவுங்க உள்ள வந்து வேல செஞ்சிகினு இருந்தாலும் கணக்குல வராதாம். அன்னியிலேர்ந்து தொண்ணூறு நாளு கழிச்சித்தான் வாடக.”

“முப்பத்திமூணு வருஷம் கம்பெனி பேப்பர்ல கையெழுத்துப் போட்டவன்யா நானு.”

“போட்டீங்க. படிச்சீங்களா?”

அதற்கும் நான் சிரித்தேன். நாலு பேருக்குச் சொல்ல ஒரு ஜோக் கிடைத்தது என்று வேறு நினைத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் புத்தியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நகரியத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கினால், சாவியை வாங்கிக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்துப் போடுவோம். குழாயில் தண்ணீர் வருகிறதா, ஜன்னலில் கண்ணாடி இருக்கிறதா என்பதெல்லாம் பிற்பாடு. அந்த மாதச் சம்பளச் சீட்டிலேயே வாடகையைப் பிடித்துவிடுவார்கள். ஒருமுறை கதவே இல்லாத சமையலறைக்கு நான் இரண்டு மாதம் வாடகை கட்டியிருக்கிறேன். சாவி கைமாறிய நாளே நாள். உலகம் முழுக்க இதுதான் சட்டம் என்று என் எலும்புக்குள் இறங்கியிருந்தது.

ஆகவே வரைவில் அப்படியே கையெழுத்துப் போட்டுப் பதிவையும் முடித்து, ஒரு நல்ல நாள் பார்த்து, கடை வாசலில் தேங்காய் உடைத்து, அதிகாரி கையில் சாவியைக் கொடுத்தேன். போட்டோ எடுத்தோம். சமையலறைக் காலண்டரில் அன்றைக்கு வட்டம் போட்டுவிட்டு, தினமும் காலையில் ஒரு தேதியை அடித்தேன். கம்பெனி ஆட்கள் வந்து அளந்தார்கள், சீலிங்குக்குக் கம்பி கட்டினார்கள், ரேக்குகளை இறக்கித் தரையில் போல்ட் அடித்தார்கள். சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் வாடகை வளருகிற சத்தம் என்று மனைவியிடம் சொன்னேன். அட்வான்ஸ் வந்தது. அதில் கடைக்குக் கழிப்பறை கட்டினேன், வாசலில் சாய்தளம் போட்டேன், மிச்சத்தில் மேல்வீட்டுக்கு டைல்ஸ் வாங்கி ஒட்டினேன்.

நான் செய்து தர வேண்டிய வேலைகளில் பாக்கி ஒன்றுதான்: அவர்கள் கேட்ட அளவுக்கு மூன்று ஃபேஸ் மின் இணைப்பு. விண்ணப்பம் போட்டாயிற்று. அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் அவ்வளவு லோடு தாங்காது, பெரியது வைக்க வேண்டும், அதற்கு மதிப்பீடு போட வேண்டும், வரிசை இருக்கிறது என்றார்கள். வாழ்நாள் முழுக்க நான் கன்வேயரில் அனுப்பிய நிலக்கரியில் எத்தனையோ ஊர் விளக்கெரிந்தது. என் கடை ஃப்ரீசருக்கு மட்டும் கரண்டுக்கு வழி தெரியவில்லை. வாடகைக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம், வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூற்று ஒன்றாம் நாள் காலை, பூங்கொத்துப் படம் போட்டு, ‘இன்று முதல் வாடகை ஆரம்பம், வாழ்த்துகள்’ என்று அதிகாரிக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“சார், ஹேண்ட்ஓவர் ஷீட்டே இன்னும் கையெழுத்தாகலயே?”

“சாவி குடுத்துட்டேனே தம்பி. போட்டோ இருக்குது.”

“அது வேலைக்கு உள்ள வர்றதுக்குத்தான் சார். பவர் இல்லாம நாங்க எப்படி எடத்த எடுத்துக்க முடியும்? நீங்க பவர் குடுங்க, அன்னிக்கே கையெழுத்து. அதுலேர்ந்து தொண்ணூறு நாள்.”

போனை வைத்துவிட்டு அன்றைக்குத்தான் அந்த ஒப்பந்தத்தை முதல் தடவையாகப் படித்தேன். அகராதியும் பேனாவுமாகப் படித்தேன். என் கெட்டிக்காரத்தனம் ஒவ்வொன்றும் அங்கே என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. லாக்-இன் வாடகை தொடங்கும் நாளிலிருந்து என்று அடம் பிடித்தவன் நான். வாடகை தொடங்கவில்லை, ஆகவே லாக்-இன்னும் இல்லை. வாடகை ஏற்றமும் அந்த நாளைப் பிடித்தே தொங்குகிறது. அவர்களை எதுவும் கட்டவில்லை. என்னை மட்டும் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே கட்டியிருந்தது: வேறு யாருக்கும் கடையை விடக் கூடாது. கையெழுத்திட்டு நூற்றிருபது நாளுக்குள் நான் முறைப்படி ஒப்படைக்காவிட்டால், அவர்கள் விலகிக்கொண்டு அட்வான்ஸைத் திரும்பக் கேட்கலாம்.

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் காலண்டரைப் பார்த்தாள். அடித்த தேதிகள் வேலி போட்டதுபோல வரிசையாக இருந்தன.

“நாலு பக்கம் படிக்கறத விட்டுட்டு பத்து பேருக்குப் போன் பண்ணீங்க.”

“ஆங்கிலம்டி.”

“பந்தல் ஜோக்கு மட்டும் தமிழ்ல நல்லா வந்துச்சில்ல?”

மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாக நடந்தேன். அங்கிருந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை; தெருவுக்குத் தெரு என்னைப்போல ஒருவன் அவர்கள் முன்னால் நின்றிருந்தான். சூப்பர் மார்க்கெட் அதிகாரியும் நல்ல மனிதர்தான். நூற்றிருபதாவது நாளுக்குப் பிறகும் மூன்று வாரம் பொறுத்தார். பிறகு கடிதம் வந்தது. பண்ருட்டியில் மின் இணைப்போடு தயாராக ஓர் இடம் கிடைத்துவிட்டதாம். அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டுமாம். அதற்கு முந்தின வாரம்தான் குவார்ட்டர்ஸ் கெடு முடிந்து, இனி மாத வாடகை பல மடங்கு என்று இன்னொரு கடிதம் வந்திருந்தது.

அவர்கள் வண்டி வந்து ரேக்குகளைக் கழற்றி ஏற்றியது. தரை முழுக்க போல்ட் ஓட்டைகள். மனைவி காலிக் கடையின் நடுவில் நின்று, கட்டில் எங்கே போடலாம், அடுப்பு எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே டைல்ஸ் இருக்கிறது, கதவும் தண்ணீரும் இல்லை. கீழே கழிப்பறை இருக்கிறது, கதவுக்குப் பதில் ஷட்டர் இருக்கிறது. அடுத்த வாரம் முதல் நாங்கள் இந்தக் கடைக்குள் குடியிருக்கப் போகிறோம். ரோட்டில் நிற்கவில்லை, ரோட்டைப் பார்த்தபடி ஷட்டருக்குள் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதை அவளிடம் ஜோக்காகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு நப்பாசை. ஒப்பந்தத்தில் நான் போராடி வாங்கிய வரி ஒன்று பாக்கி இருந்ததே. வாசலுக்கு வந்து அதிகாரிக்குப் போன் போட்டேன்.

“தம்பி, அட்வான்ஸைக் குடுத்துடறேன். ஆனா நடுவுல போனா நான் விட்டுக்குடுத்த மூணு மாச வாடகையைக் கழிச்சிக்கலாம்னு எழுதியிருக்குது. அந்த மூணு மாசத்தைக் கழிச்சிக்கிட்டு மீதியைக் குடுக்கவா?”

“அந்த மூணு மாசம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்.”