தலைகீழாய் நின்ற தேதி

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். வளைகுடாவுக்குப் போகும் சரக்குக்கு அரபியில் காகிதம் தயாரிப்பது என் வேலை. அங்கே ஒரு டைப்பிங் கடையில் இருந்த வருஷங்களில் கற்ற மொழி. தேதி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றிய நாளைக்கூடக் காலண்டரில் குறித்துவைப்பேன். கேலி செய்வார்கள்.

லைனில் வேலை செய்யும் மண்ணூர்ப் பெண் ஒருத்தி, கேன்டீனில் என் எதிரில் உட்கார்ந்து போனை நீட்டினாள். சாப்பாட்டுத் தட்டை எடுக்கவே இல்லை. அவள் கணவர் வளைகுடாவில் வெல்டர். லீவு முடிந்து திரும்பிப் போய், வேறு கம்பெனிக்கு மாற மனுக் கொடுத்ததும், இருந்த கம்பெனி முதலாளி அவர்மேல் புகார் எழுதிவிட்டார்: மார்ச் பதினைந்து அன்று தொழிலாளர் முகாமிலிருந்து ஓடிப்போனவர் என்று. அந்தப் புகார் நிற்கும்வரை தெருவில் போலீஸ் கண்ணில் பட்டாலே பிடித்துப் போவார்கள். ஆள் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தார்.

மார்ச் பதினைந்தில் அவர் மண்ணூரில் லீவில் இருந்தார். அதைக் காட்டத்தான் வழியில்லை. அந்த நாட்டு விமான நிலையத்தில் இப்போது முத்திரை குத்துவதில்லை. கையில் இருந்தவை இரண்டு. வரும் வழியில் இணைப்பு விமானம் தவறி வேறொரு நாட்டில் ஓரிரவு தங்கியபோது கொடுத்த ஆங்கில நுழைவு அனுமதிச் சீட்டு ஒன்று. சென்னையில் இறங்கியபோது பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரை இன்னொன்று. இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அங்கே உதவி செய்யும் தமிழர் ஒருவர், அரபியில் வரைவு கிடைத்தால் அனுமதி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் சரிபார்த்து முத்திரை வாங்கி, மறுநாளே தொழிலாளர் அலுவலகத்தில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

அனுமதிச் சீட்டில் தேதி தெளிவாக இருந்தது: 05-03-24. சென்னை முத்திரையில் மாதமும் ஆண்டும் தெரிந்தன. நாள் இருக்க வேண்டிய இடத்தில் மை இழுபட்டிருந்தது.

"ஆறுன்னு போடுங்கண்ணா. ஆறாந்தேதி காலையில நான்தான் ஏர்போர்ட்டுக்குப் போய் கூட்டிகினு வந்தேன்."

"எனக்குத் தெரியுதும்மா. முத்திரையில தெரியல."

"உங்களுக்கு இன்னாண்ணா, ஒரு நம்பர். மாட்டுனா அவருதானே."

சொற்களை மொழிபெயர்க்கலாம், தேதியும் குறியீட்டு எண்ணும் மொழிபெயர்க்கிற பொருள் இல்லை. இஸ்லாமிய ஆண்டுக்கு மாற்றக்கூடாது, மாதத்தை எழுத்தில் விரிக்கக்கூடாது, அரபி இலக்கத்துக்குக்கூட மாற்றாமல் கண்ட வடிவத்திலேயே வைக்க வேண்டும். தெரியாத இடத்தில் 'படிக்க இயலவில்லை' என்று எழுத வேண்டும். அப்படித்தான் எழுதினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

கம்ப்யூட்டரில் முடித்து, ஒவ்வொரு எண்ணையும் போட்டோவோடு ஒத்துப்பார்த்தேன். வளைகுடா உதவியாளர் அவசரம் என்றதால், அதே வரிகளை நகலெடுத்து மெசேஜாகவே அனுப்பினேன். ஷிப்ட் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அதைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அனுமதிச் சீட்டின் தேதி 24-03-05 என்று நின்றது.

அரபி வலமிருந்து இடமாக ஓடும். அரபிச் சொல்லை அடுத்து, நடுவில் கோடு போட்ட எண்கள் வந்தால் துண்டுகள் பின்முன்னாக அடுக்கப்பட்டுவிடும். கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாத குறி போட்டு அந்த எண்களை இடமிருந்து வலமாகக் கட்டிவைத்திருந்தேன். மெசேஜில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. படிப்பவருக்கு அது மார்ச் இருபத்துநாலு. பதினைந்தில் ஓடி, இருபத்துநாலில் நாட்டை விட்டே போனவன் என்று ஆகிவிடும். ஆண்டு வேறு 05. போலிச் சீட்டு என்றும் சொல்லலாம். எங்கள் கையாலேயே அவர்மேல் குற்றத்தை எழுதிக் கொடுத்த மாதிரி.

உதவியாளர் படித்துவிட்டார் என்று போன் காட்டியது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் கட்டி, பக்கத்தைப் படமாக்கி அனுப்பினேன். படத்தில் எதுவும் புரளாது. அதற்கு நீல டிக் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "அவருகிட்ட சொல்லாதீங்கண்ணா, சாப்பிட மாட்டாரு" என்றாள்.

மறுநாள் பகல் முழுக்க என் மேஜையில் எந்த எண்ணையும் நம்ப முடியவில்லை. ஷிப்ட் முடியும் நேரத்தில் உதவியாளர் கூப்பிட்டார். மெசேஜைத்தான் அச்செடுத்துக் கொண்டுபோயிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் தேதியைப் பார்த்ததும் காகிதத்தைத் தள்ளிவிட்டாராம்.

"அப்புறம் 'படிக்க இயலவில்லை'ங்கற வரியைப் பார்த்தாரு. பொய்யா எழுதுறவன் இதை ஏன் காலியா விடப்போறான்னுட்டு போட்டோவைக் கேட்டாரு. அதை எடுக்கப் போனைத் திறந்தப்பதான் உங்க படத்தையும் பார்த்தேன். மூணையும் வச்சுப் பார்த்து முத்திரை போட்டுட்டாரு."

புகார் நீங்கியதா என்று கேட்டேன். மனு உள்ளே போயிருக்கிறது, கூப்பிடுவார்கள் என்றார்.

கேட் அருகே அவள் நின்றிருந்தாள். சொன்னேன். என் போனை வாங்கி, தெரியாத அரபிக்கு நடுவே தெரிந்த ஒரே விஷயத்தைத் தேடி, 05-03-24 என்பதை விரலால் பெரிதாக்கினாள்.

"இப்ப இது இப்படியேதானே இருக்கும்? திரும்ப மாறாதில்ல?"

மாறாது என்றேன். போனைத் திருப்பித் தந்ததும், அவள் பார்க்காதபோது, நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.