பதினொன்றரை மணி அலாரம்

லாசரஸ் சாருக்கு ‘மழை சார்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். அவர் காட்டாங்குளத்தூர் கல்லூரியில் லேப் உதவியாளர். வருஷம் ஒருமுறை தாம்பரம் பக்கத்து ஆட்களை இமயமலைக்குக் கூட்டிப்போவார்.

போன வருஷம் கணவாய் அரை மணி தூரத்தில் இருக்கும்போது அவர் போனில் அலாரம் அடித்தது. பதினொன்றரை. எங்கே நின்றாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் விதி; எல்லோரையும் திருப்பிவிட்டார். “காலைல வானம் பளிச்சுன்னுதான் இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குச் சூடு மேல போய் மேகமாகும். மத்தியானம் இடிதான்.” அன்று பொழுது சாயும்வரை ஒரு துளி விழவில்லை. அவரைக் கிண்டலடிக்க எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

இந்த ஜூனில் என் பக்கத்து வீட்டு அன்புவையும் சேர்த்துவிட்டேன். “ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறேழு டிகிரி குறையும்பா. காட்டன் வேணாம், நனைஞ்சா காயாது” என்று சார் தலைதலையாய் அடித்துக்கொண்டார். அன்பு சிரித்துக்கொண்டே கம்பெனி காட்டன் டி-ஷர்ட் மூன்றை எடுத்து வைத்தான்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பச் சொன்னார். சூடாக உப்புமா வரட்டும் என்று ஆறேகால் ஆக்கினேன். அலாரம் அடித்தபோது கணவாய் இன்னும் ஒரு மணி தூரம். கீழே வெள்ளை மேகம் பொங்கி ஏறிக்கொண்டிருந்தது.

“திரும்பணும்” என்றார்.

“போன வருஷமும் இதான் சொன்னீங்க சார். ரெண்டு வருஷ லீவு உங்க பயத்துக்கா?” என்றேன் நான்.

அவர் முகம் சுருங்கியது. அலாரத்தை அணைத்தார். “சரி, வாங்க.”

பன்னிரண்டே முக்காலுக்கு மேலே போட்டோ எடுத்தோம். ஒரு மணிக்கு இடி. ஆலங்கட்டி, பிறகு மழை, காற்று. வியர்வையில் ஊறியிருந்த அன்புவின் சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியது. மழைக்கோட்டு பையின் அடியில் கிடந்தது. இறங்கும் வழியெல்லாம் நடுங்கினான். அப்புறம் நடுக்கம் நின்றது.

“தேவலை சார், நடுக்கம் நின்னுடுச்சு” என்றேன்.

உடம்பு நடுங்கக்கூடத் தெம்பில்லாமல் போனதன் அடையாளம் அது என்று சாருக்குத் தெரிந்திருந்தது. தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டு, கட்டியணைத்து உட்கார்ந்தார். கீழே எங்கள் கூடாரம் கண்ணுக்குத் தெரிந்தது. அன்பு அங்கே உயிரோடு வந்து சேரவில்லை.

ஊர் திரும்பி அவன் வீட்டுக்குப் போனபோது அன்புவின் மனைவி ரோஸி அழவில்லை. “இத்தனை மலை ஏறினவரு, உங்களுக்குத் தெரியாதா? ஏன் சார் திருப்பி கூட்டினு வரல?”

“என் தப்புதாம்மா” என்றார்.

நான் செருப்பு வைக்கும் அலமாரி பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வாயால்தான் இன்னும் சோறு தின்கிறேன்.

இப்போது அவர் யாரையும் எங்கும் கூட்டிப்போவதில்லை. போன சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார், மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினார். மேஜைமேல் போன் அடித்தது. பதினொன்றரை.

அணைக்கக் கை நீட்டினேன். “இருக்கட்டும்” என்றார். அது தானாக ஓயும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.