விடுதி அறைகளால் சொல்ல முடிந்தது

விதி தெளிவாகவே இருந்தது: ஆய்வின் முறை தாங்காத எதையும் அதன் முக்கியத்துவமாகக் காட்டக் கூடாது. நிதி வழங்கும் அமைப்பின் வழிகாட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதே அமைப்பின் விண்ணப்பம், சில பக்கங்கள் தள்ளி, ‘இந்த ஆய்வால் சமூகத்தில் நிகழப்போகும் மாற்றம்’ என்று ஒரு பெரிய கட்டத்தைக் காலியாக விட்டிருந்தது. பணிக்காலம் முழுக்க இத்தகைய விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பிய பிரிவில் இருந்தவன் நான். காலிக் கட்டத்தைக் கண்டால் மனிதர்கள் விதியை மறந்துவிடுவார்கள்.

அப்படி மறந்தவர், படப்பையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நர்சிங் கல்லூரி விரிவுரையாளர். வடக்குப்பட்டுப் பக்கத்து விடுதிகளில் தங்கி ஃபேக்டரிக்குப் போகும் பெண்களின் தூக்கத்தைப் பற்றியது அவருடைய ஆய்வு. விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. திருத்தி அனுப்ப இன்னும் ஒரே வாய்ப்பு. அதுவும் போனால் ஆய்வு கிடையாது. கல்லூரி தரும் விடுப்பும் அந்த ஆண்டோடு முடிகிறது.

“எங்க தப்புன்னு பாருங்க சார். எனக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியுது.”

படித்தேன். ‘சுழற்சி ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இந்த ஆய்வு நிரூபிக்கும். மாநிலத்தின் தொழிலாளர் கொள்கையை மாற்றும். இதுவரை யாரும் ஆராயாத துறை.’

“ஒரே ஒரு தடவை கேள்வித்தாள் குடுக்கப் போறீங்க. அதுல கொள்கை மாறிடுமா மேடம்?”

“கட்டம் பெருசா இருக்கே சார். அதை ரொப்ப வேணாமா?”

ஒரே சமயத்தில் எடுக்கும் கணக்கெடுப்பு, எது முன்னால் வந்தது எது பின்னால் வந்தது என்று சொல்லாது. ஷிப்ட்டால் தூக்கம் கெட்டதா, தூக்கம் கெட்டவர்கள் அந்த ஷிப்ட்டுக்குப் போனார்களா என்று தெரியாது. சில விடுதிகள் மாநிலம் ஆகிவிடாது. ‘யாரும் ஆராயவில்லை’ என்பதற்கு, ‘நாங்கள் தேடிய வரையில் கிடைக்கவில்லை’ என்பதே நேர்மை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். பழைய சுகம் திரும்பியது.

நான் முடித்தபோது அந்தப் பகுதியில் மிஞ்சியது ஒரே வரி: ‘இப்பெண்களின் தூக்கத்தைப் பற்றிச் சில தகவல்கள் கிடைக்கும்.’

அவர் அதை வாய்விட்டுப் படித்தார். சிரித்துவிட்டார்.

“இதுக்கு எவன் சார் பணம் குடுப்பான்? நான் அதிகமா அளந்தேன், சரி. நீங்க என் ஆய்வையே ஊத்தி மூடிட்டீங்க.”

பேனாவை மூடி வைத்தேன். மறுப்பதற்கான காரணங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஓர் ஆய்வு எதற்காக நடக்க வேண்டும் என்று எழுதும் வேலையை யாரும் எனக்குத் தந்ததில்லை. அன்றுதான் அந்தக் கேள்வி சுவாரஸ்யமாகப் பட்டது.

“சரி, வேற மாதிரி கேக்கறேன். உங்க முடிவு வந்தா, மறுநாள் யார் எதை மாத்த முடியும்?”

யோசித்தார். பிறகு ஒரு விடுதி வார்டனைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். “அக்கா, ரூம்ல பொண்ணுங்கள எப்படிப் போடறீங்க?”

“இன்னாம்மா இது கேள்வி? எந்த பெட் காலியா கீதோ அதுல போடுவோம். ஒருத்தி நைட் முடிச்சு வந்து தூங்கிகினு இருப்பா, இன்னொருத்திக்கு அலாரம் அடிக்கும். ஒத்துக்காத பொண்ணுங்க ஊருக்குப் போயிடும். இருக்கறதெல்லாம் கெட்டி.”

போனை வைத்ததும் அவர் முகம் மாறியது.

“சார், ரெண்டு விஷயம் கிடைச்சிருக்கு. காலி பெட்ல போடறதால ஒரே ஷிப்ட்டுக்காரங்க இருக்கற ரூமும் இருக்கு, கலந்து இருக்கற ரூமும் இருக்கு. ரூம் மாத்தறது வார்டன் கையில. அதைத்தான் நான் ஒப்பிடணும்.”

“ரெண்டாவது?”

“தாங்காதவங்க போயிட்டாங்க. இருக்கறவங்கள மட்டும்தான் நான் பாப்பேன். எல்லாரும் நல்லாத் தூங்கறாங்கன்னே வந்தாலும், ஷிப்ட்டால ஒண்ணும் இல்லன்னு கம்பெனிக்காரங்க சொல்லிக்க முடியாது. அதையும் முன்னாடியே எழுதிடணும்.”

மிகையை நான் ஒரு பக்கம்தான் பார்த்திருந்தேன். ‘பாதிப்பே இல்லை’ என்று அது எதிர்ப்பக்கமும் போகக்கூடும் என்பது என் பிரிவில் யாருக்கும் தோன்றியதில்லை.

புதிய பகுதியை அவரே எழுதினார்: கலந்த அறைகளில் இருப்பவர்கள் தூக்கக் குறையை அதிகம் சொல்கிறார்களா என்று இந்த ஆய்வு காட்டும், அறை மாற்றித் தருவதைச் சோதித்துப் பார்ப்பது பயனுள்ளதா என்று விடுதிகள் முடிவெடுக்க உதவும், காரணத்தை நிறுவாது, விட்டுப்போனவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது. கட்டத்தில் பாதி காலியாகவே இருந்தது. அதை நிரப்பச் சொல்லி என் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

மறு விண்ணப்பத்துக்கு உரிய காலத்தில் பதில் தர வேண்டும் என்றும் அந்த வழிகாட்டியில் ஒரு விதி உண்டு. அந்தக் காலம் கடந்தது. அவர் விடுப்பைத் தள்ளிவைக்கக் கல்லூரியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஃபேக்டரி வாசல்களில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மாடியிலிருந்து ஓடி இறங்கி வந்து போனை நீட்டினார். நிதி உண்டு. கீழே ஒரு குறிப்பு: ‘முக்கியத்துவத்தை இன்னும் அழுத்தமாக எழுதியிருக்கலாம்.’

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அது.