எந்த நாள் ராத்திரி?

ராஜ்காங்பூர் ரயில் நிலையத்தின் முன்பதிவு ஜன்னலில் சுலோச்சனா கிசான் உட்கார்ந்து பதினெட்டு வருடங்கள் ஆகிவிட்டன. வேலைக்குச் சேர்ந்த புதிதில், படிவத்தில் எழுதியிருந்தபடியே ஒரு குடும்பத்துக்கு நள்ளிரவு வண்டியில் டிக்கெட் கொடுத்தாள். அவர்கள் ஒரு நாள் தாமதமாக மூட்டைகளோடு வந்து நின்றார்கள்; வண்டி முந்தின ராத்திரியே போயிருந்தது. அவளை யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு, பன்னிரண்டு மணி தாண்டிய வண்டி என்றால் கேட்காமல் விடமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி காலை, ஹாக்கி பயிற்சியாளர் பிரபோத் லக்ரா படிவத்தை நீட்டினார். நாக்பூரில் திங்கட்கிழமை பகலில் அணித் தேர்வு. அது முடிந்து பன்னிரண்டு பெண்களோடு திரும்ப டிக்கெட் வேண்டும். தேதி 16, நேரம் 12.10 என்று எழுதியிருந்தார்.

"பன்னிரண்டு பத்துன்னா பகல்லயா, ராத்திரியா சார்?"

"ராத்திரிதான் தீதி."

"அப்போ அது 00.10. எந்த நாள் ராத்திரி சாப்பிட்டுட்டு ஸ்டேஷனுக்கு வருவீங்க?"

வரிசையில் ஒருவர் முனகினார். "ஆரம்பிச்சுட்டாங்கய்யா! என்ன குழம்புன்னும் கேட்பாங்க."

"திங்கட்கிழமை சாப்பிட்டுட்டு" என்றார் லக்ரா.

"பன்னிரண்டு அடிச்சதும் செவ்வாய் பிறந்துடும் சார். நீங்க 17னு எழுதணும். 16ன்னு போட்டா வண்டி ஞாயித்துக்கிழமை ராத்திரியே போயிடும். உங்க பொண்ணுங்க மைதானத்துலயே கால் வெச்சிருக்க மாட்டாங்க."

லக்ரா சிரித்துக்கொண்டே திருத்தினார். சுலோச்சனா சிரிக்கவில்லை.

"போற டிக்கெட்டைக் காட்டுங்க."

அவரே இணையத்தில் எடுத்த தாள். தேதி 14, புறப்பாடு 00.25.

"என்னைக்குக் கிளம்புறீங்க?"

"நாளைக்கு. சனிக்கிழமை ராத்திரி."

"சார், இது இன்னிக்கு ராத்திரி வண்டி!"

அவர் முகம் வெளுத்தது. மணி பதினொன்று. பெண்கள் எட்டு ஊர்களில் இருந்தார்கள். முனகிய மனிதர்தான் முதலில் பேசினார்: "என் ஜீப் வெளியில நிக்குது. எந்த ஊருன்னு சொல்லுங்க."

லக்ரா அங்கேயே நின்று போன் போட்டார். பதினொரு பேர் கிடைத்தார்கள். பன்னிரண்டாவது பெண் அசுந்தா மட்டும் போனை எடுக்கவில்லை. அவள் ஆடு மேய்க்கப் போயிருந்தாள். ஜீப் அவளைத் தேடிப் போனது.

ராத்திரி எட்டு மணிக்கு ஜன்னலை மூடிவிட்டு சுலோச்சனா நடைமேடைக்கு வந்தாள். மட்டைப் பைகள் மேல் சாய்ந்து பெண்கள் அவல் தின்றுகொண்டிருந்தார்கள். அவளால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினொன்று. ஐந்து நிமிடத்தில் ஜீப் சத்தம் கேட்டது. தலையில் காய்ந்த இலையோடு அசுந்தா ஓடி வந்தாள்.

"யாராவது ஒரு நாள் முன்னாடி சொல்லக் கூடாதா? குளிக்கக்கூட விடலை!"

எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை சுலோச்சனாவும் சிரித்தாள்.

புதன்கிழமை லக்ரா ஜன்னலில் முகம் காட்டினார். மூன்று பேர் தேர்வாகியிருந்தார்கள், அசுந்தாவும் சேர்த்து. வரிசையில் நின்ற எல்லாருக்கும் இனிப்பு கொடுத்த பிறகே அவர் நகர்ந்தார்.