கதவுப் பக்கம் நாலாயிரத்து எழுபத்திரண்டு

எங்கள் வீட்டுக்கு வாசல் கிடையாது. பாகூர்க் கடைத்தெருவில் முன்னால் ஹார்ட்வேர் கடை, பின்னால் வீடு. வெளியே போக வேண்டுமென்றால் பைப்புக் கட்டுகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவில் புகுந்து, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மாமனாரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் கோபக்காரர் இல்லை. தலையை நிமிர்த்தி, "இன்னாமா, எங்க?" என்று மட்டும் கேட்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அது அக்கறையாகத்தான் தெரிந்தது. கொஞ்ச காலத்தில், அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கச் சோம்பல்பட்டே நான் வெளியே போவதை நிறுத்திவிட்டேன். கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். பால் பாக்கெட்டுக்கு ஒரு காரணம், பூவுக்கு ஒரு காரணம் என்று தயாரித்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் துணி துவைக்கும் இடம், அதற்கப்பால் மதில். மதிலுக்கு மேலே தெரியும் வானம் பாகூர் ஏரி வரைக்கும் போகிறது என்று அக்கா சொல்வாள். அக்கா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு முன்னால் வந்து மாட்டிக்கொண்டவள். பேச்சு குறைவு. கூடத்தில் மாமனாரும் ஆண்களும் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் இருவரும் சமையலறைக் கதவோரம்தான் நிற்போம். நிற்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் அந்தக் கதவைத் தாண்டி நாலடி போனால் கால் தானாகக் கூசும்.

என் பெண் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது, ஜெராக்ஸ் கடை மாடியில் அபாகஸ், அதாவது மணிச்சட்டக் கணக்கு, வகுப்பு தொடங்கினார்கள். சின்னப் பிள்ளைகளோடு அம்மாவும் வந்து உட்கார வேண்டும், வீட்டில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டாள். அவளுக்குக் கோயில் கட்டலாம். வாரத்தில் மூன்று சாயங்காலம், "இன்னாமா, எங்க?" என்பதற்கு என்னிடம் அசைக்க முடியாத பதில் இருந்தது.

டீச்சர் ஒரு பெரிய அபாகஸை மேசைமேல் நிமிர்த்திக் காட்டுவாள். பிள்ளைகளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து நானும் கற்றேன். ஒவ்வொரு கம்பியிலும் நடுச்சட்டத்துக்கு மேலே ஒரு மணி, கீழே நான்கு மணிகள். மேல்மணிக்கு மதிப்பு ஐந்து, கீழ்மணிக்கு ஒன்று. சட்டத்தைத் தொட்டால்தான் கணக்கு. தொடாத மணி வெறும் அலங்காரம். மூன்று வேண்டுமா, கட்டைவிரலால் கீழே இருந்து மூன்றை ஏற்று. ஏழு வேண்டுமா, மேல்மணியை ஆள்காட்டி விரலால் இறக்கி, கீழே இருந்து இரண்டை ஏற்று. ஒன்பது வைத்துவிட்டால் அந்தக் கம்பி நிரம்பிவிடும். இன்னும் ஒன்று கூட்ட வேண்டுமென்றால் மொத்தத்தையும் காலி செய்துவிட்டு இடப்பக்கக் கம்பியில் ஒரு மணியை ஏற்ற வேண்டும். கல்லூரியில் படித்த எதுவும் இவ்வளவு சுத்தமாகப் புரிந்ததில்லை.

வீட்டில் என் பெண்ணுக்குப் பயிற்சி கொடுப்பது சமையலறைத் தரையில்தான். அக்கா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். என் பெண் கூடத்துக்குப் போய்த் தாத்தாவுக்கும் மணி படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவரும் பேத்தி வைக்கும் எண்ணைச் சரியாகப் படித்து, கடைக்கு வருகிறவர்களிடம் பீற்றிக்கொண்டார்.

அப்புறம் டீச்சரின் கணவருக்கு மாற்றல் வந்தது. ஆள் கிடைக்காவிட்டால் மாடி வகுப்பை மூடிவிடுவார்கள், பிள்ளைகள் தவளக்குப்பத்தில் நடக்கும் வகுப்புக்குத்தான் போக வேண்டும். "நீங்களே எடுங்களேன்" என்று டீச்சர் என்னிடம் கேட்டாள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது வேறு. நானே வேலையாகப் போவது வேறு. வகுப்பு மூடிவிட்டாலோ, எனக்கு மறுபடியும் பால் பாக்கெட்டும் பூவும்தான்.

என் கணவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட கேளு" என்றார். எப்போதும் அவர் தருகிற பதில் அதுதான். அதையும் படுத்துக்கொண்டேதான் தருவார்.

மாமனார் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். "நம்ம வூட்டுப் பொம்பளைங்க யாரும் வேலைக்குப் போனதில்லமா. போய்த் தப்பா சொல்லிக்குடுத்தா பேரு யாருக்குப் போவும்? கிளாஸ்ல வெச்சிருக்குற அந்தப் பெரிய அபாகஸ கொண்டா. நான் சொல்ற நம்பர வெச்சுக் காட்டு. எல்லாம் சரின்னா போ. ஒன்னு தப்புனாலும் அதோட பேச்ச வுடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்திய பிறகு அந்தப் பெரிய அபாகஸைக் கூடத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன். பின்பலகை இல்லாத வெறும் சட்டம். இரண்டு பக்கமும் மணிகள் தெரியும். மணிகள் இறுக்கமானவை, தள்ளின இடத்தில் நிற்கும். சோபாவில் மாமனார், அக்காவின் கணவரான மூத்தவர், என் கணவர். என் பெண் தாத்தாவின் மடியில். நான் மேசைக்கு இந்தப் பக்கம், சமையலறைக் கதவுக்கு முன்னால், அவர்களைப் பார்த்தபடி நின்றேன். வகுப்பில் டீச்சர் அபாகஸுக்குப் பக்கவாட்டில் நின்று, பிள்ளைகள் பார்க்கிற பக்கத்திலிருந்தே மணிகளைப் பார்க்கும்படி கழுத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் அப்படி நின்றிருந்தால் மாமனாருக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கும். எனக்கு அது தோன்றக்கூட இல்லை.

"எட்டு" என்றார். மேல்மணியை இறக்கி, கீழே மூன்றை ஏற்றினேன். தலையாட்டினார்.

"அறுபத்தாறு." இரண்டு கம்பிகளிலும் மேல்மணி கீழே, ஒரு கீழ்மணி மேலே. "சரி" என்றார். எனக்கு நம்பிக்கை துளிர்விட்டது. மாடிப்படி ஏறுவது, பலகையில் சாக்பீஸால் எழுதுவது எல்லாம் கண்ணில் ஓடியது.

"நாலாயிரத்து எழுபத்திரண்டு."

நடுவில் பூஜ்யம் போட்டுக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆயிரத்துக் கம்பியில் நான்கு கீழ்மணிகளையும் ஏற்றினேன். நூறில் கை வைக்கவில்லை. பத்தில் மேல்மணியை இறக்கி இரண்டை ஏற்றினேன். ஒன்றில் இரண்டு. கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

மாமனார் கண்ணாடியைச் சரிசெய்து, விரலை நீட்டி ஒவ்வொரு கம்பியாகப் படித்தார். "ரெண்டு. ஏழு. சைபர். நாலு. ரெண்டாயிரத்து எழுநூத்தி நாலு." மகன்களைப் பார்த்தார். "தப்பு" என்றார். குரலில் சந்தோஷம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கண்ணுக்கு நாலாயிரத்து எழுபத்திரண்டு அப்பட்டமாக நிற்கிறது. கம்பிகளை மறுபடி எண்ணினேன். பெஞ்சும் மாடியும் மூன்று சாயங்காலங்களும் போயே போய்விட்டன என்று தெரிந்தது. என் பெண் தாத்தாவை அண்ணாந்து பார்த்து, "தாத்தா கரெக்டா படிச்சாரும்மா" என்றாள். பெற்ற பெண்ணும் சாட்சி சொல்லியாகிவிட்டது.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாமா, இங்கேருந்து பாத்தா சரியாத்தான் இருக்குது."

அக்கா. அந்தக் கூடத்தில் யாரும் கேட்காமல் அவள் பேசி நான் கேட்டதில்லை. மூத்தவர் திரும்பி முறைத்தார்.

"உனக்கு இன்னா தெரியும்?" என்றார் மாமனார்.

"மொதக் கம்பில கீழ்மணி நாலும் ஏறியிருக்குது. அடுத்தது காலி. அடுத்ததுல மேல ஒன்னு எறங்கியிருக்குது, கீழ ரெண்டு ஏறியிருக்குது, ஏழு. கடைசில ரெண்டு" என்றாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

மாமனார் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில், கதவோரம் நின்றார். அவர் அந்த இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. அபாகஸைப் பார்த்தார். அதற்கப்பால் சோபாவில் உட்கார்ந்திருந்த மகன்களையும் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இந்தப் பக்கம் நின்னா சரிதான். ஆனா எங்களுக்குல்ல காட்டணும்? புள்ளைங்க எந்தப் பக்கம் ஒக்காரும்?"

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லையே. மேலும் கீழும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறுவதில்லை. இடமும் வலமும்தான் மாறிவிடுகின்றன. இத்தனை நாள் நான் பெஞ்சிலிருந்தே பார்த்துப் பழகியவள்.

"இன்னொன்னு சொல்லுங்க மாமா" என்றேன். என் குரல் எனக்கே கட்டளைபோல் கேட்டது.

"ஏழாயிரத்து முப்பத்தொன்னு" என்றார்.

எல்லா மணிகளையும் சட்டத்தைவிட்டு விலக்கினேன். ஆயிரத்தை என் வலக்கைப் பக்கம் வைத்தேன்: மேல்மணி கீழே, இரண்டு மேலே. அடுத்த கம்பியை விட்டேன். அதற்கும் இடப்பக்கம் மூன்று. அதற்கும் இடப்பக்கம் ஒன்று. எனக்குத் தெரிந்தது ஆயிரத்து முந்நூற்று ஏழு. என் கண்ணே தப்பு தப்பு என்று கத்தியது. கையை எடுக்கவே மனம் வரவில்லை.

"ஏழு. சைபர். மூணு. ஒன்னு" என்று படித்தார் மாமனார். "போ" என்றார். எழுந்திருக்கும்போது, "அந்நேரத்துக்கு அடுப்ப மூத்தவ பாத்துக்குவா" என்றார். அக்காவை யாரும் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

இப்போது நான் டீச்சர். கல்லாவைத் தாண்டும்போது மாமனார் கேட்பதில்லை. ஆனால் நான் கடைப் படியிறங்கும் ஒவ்வொரு முறையும், பின்னால் அக்கா ஒருத்தியாக இரண்டு அடுப்பையும் மூட்டுகிற சத்தம் கேட்கும். எனக்குக் கிடைத்த சாயங்காலம் எங்கிருந்து எடுத்ததென்று எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் பாதி அங்கேயே வடிந்துவிடும்.

போன வாரம் வகுப்பு முடிந்து வந்தபோது, அவள் சமையலறைத் தரையில் என் பெண்ணின் சின்ன அபாகஸை முன்னால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்காரச் சொன்னாள்.

"படி."

"ஆறாயிரத்து நூத்தி எட்டு."

"சரியா இருக்குதா?"

"சரிக்கா" என்றேன். அப்புறம்தான் உறைத்தது. அவள் பக்கம் அது எட்டாயிரத்துப் பதினாறு. என் பக்கம் சரியாகத் தெரிய வேண்டும் என்று இடவலம் மாற்றி வைத்திருக்கிறாள். விரலில் தடுமாற்றமே இல்லை. எத்தனை நாளாகப் பழகினாளோ.

"தவளக்குப்பத்துல டீச்சர் வேணும்னு கேக்கறாங்கன்னு உன் பாப்பா சொல்லிச்சு" என்றாள். முகத்தை நிமிர்த்தவில்லை. "செவ்வா, வியாழன்தானாம். உனக்கு அன்னிக்குக் கிளாஸ் இல்ல."

"அடுப்ப நான் பாத்துக்கறேன்க்கா."

"மாமாகிட்ட யாரு சொல்றது?"

கடைப் பக்கமிருந்து டீ கேட்டு மாமனாரின் குரல் வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம பெரிய அபாகஸ எடுத்தாறேன்" என்றேன்.

அவள் மணிகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். கூடத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ எங்கடி நிப்ப?"

"உன் பின்னால. கதவுகிட்ட."

"அங்கேருந்து பாத்தா தப்பால்ல தெரியும்?"

"தெரியட்டும்க்கா" என்றேன்.