சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டிய சம்பளம்

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மாங்கூழ் எடுக்கும் கம்பெனியில் நானும் என் மருமகளும் ஒரே மேசையில் பழம் பிரிக்கிறோம். நசுங்கியதையும் அழுகியதையும் ஒதுக்கிவிட்டு நல்லதை உள்ளே அனுப்புவது எங்கள் வேலை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன், எண் படிப்பேன். ஆனால் சம்பளம் கேட்டு வாங்குவதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பொங்கலுக்கு முன் முதலாளி ரூமுக்குப் போவேன். கூரை ஒழுகுகிறது, மகனுக்கு லாரி ஓட்டி முதுகு போய்விட்டது என்று தொடங்கி முந்தானையால் கண்ணைத் துடைத்தால் சம்பளத்தில் ஏதாவது ஏற்றித் தருவார்.

"வெளிய சொல்லிறாத ஆயா. வூட்டுலயுஞ் சொல்லாத" என்பார்.

நானும் சொன்னதில்லை, மருமகளிடம்கூட. அவள் சம்பளம் பேங்க்கில் விழும். அதை நானும் கேட்டதில்லை.

போன மாங்காய் சீசனுக்கு முன்னால், சம்பளம் பார்க்கும் மேனேஜரம்மா சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். புதிதாக வந்தவர், சின்ன வயது.

"ஒவ்வொரு வேலைக்கும் கீழ எவ்வளவு, மேல எவ்வளவுன்னு இதுல இருக்குதுங்க. யாரோட தனிச் சம்பளமும் இருக்காது. உங்களுது எங்க நிக்குதுன்னு நீங்களே பாத்துக்கங்க. சந்தேகம்னா வந்து கேளுங்க."

பழம் பிரிப்புக்குக் கீழே பதிமூன்றாயிரம், மேலே பதினேழாயிரம். நான் வாங்குவது பதினேழாயிரத்து ஐந்நூறு. முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. உடனே, எல்லைக்கு மேலே இருப்பதைக் குறைத்துவிடுவார்களோ என்று பட்டது. யாரும் இல்லாதபோது மேனேஜரம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"குறைக்க மாட்டோம் ஆயா. ஆனா மேல் எல்லை ஏறி உங்களத் தாண்டற வரைக்கும் உங்களுக்கு ஏறாது" என்றார்.

எனக்கு அது போதும். மருமகள்தான் அந்தத் தாள் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"அத்தே, ஆறு வருசமா பிரிக்கறேன். இன்னிக்குச் சேர்றவளுக்குக் குடுக்கற அதே பதிமூணுலதான் நிக்கறேன்."

பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தபோது அவளைப் புது ஆளாகப் போட்டுக்கொண்டார்களாம். அதுவும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"நாளைக்கு மேனேஜரம்மாகிட்ட நானும் வர்றேன். கொழந்தைக்கு ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிக் கண்ணக் கசக்கு" என்றேன்.

"அவனுக்கென்னங்க, குண்டாத்தான இருக்கான்!"

"சரி, மேல் நம்பரயாவது கேளு. சந்தையில மாட்டுக்கு வெல சொல்றாப்புல. அப்புறம் எறங்கிக்கலாம்."

மறுநாள் போனதும் நான்தான் ஆரம்பித்தேன். கூரை வரைக்கும் வந்துவிட்டேன்.

"ஆயா, வூட்டுக் கஷ்டம் எல்லாருக்கும் இருக்குது, அத வெச்சுச் சம்பளம் போட முடியாது" என்றார் மேனேஜரம்மா. "கீழ் எல்லை வேலை கத்துக்கறவங்களுக்கு. நடுவு, யார் தொணையும் இல்லாம முழு வேலையும் பாக்கறவங்களுக்கு. மேல, புது ஆளுங்களையும் பழக்கறவங்களுக்கு."

மருமகள் பேசினாள். வீட்டில் குழம்புக்கு உப்புப் போதுமா என்றுகூட மெதுவாகக் கேட்கிறவள்.

"அப்படின்னா நான் நடுவுல இருக்கணுங்க. பெங்களூரா மாங்காவும் பாப்பேன், அல்போன்சாவும் பாப்பேன், யாரும் பக்கத்துல நிக்க வேண்டியதில்லீங்க. என் கையில இருந்து போன பழம் திரும்பி வந்துச்சான்னு சூப்பர்வைசரக் கேளுங்க. கொழந்தைக்கு முன்னால செஞ்ச வருசமும் வேலதானுங்க?"

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். "மேல் நம்பரக் கேளு புள்ள!"

"புது ஆளுங்கள நான் இன்னும் பழக்கலீங்களே அத்தே" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவரிடம் திரும்பினாள். "அதுக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. செஞ்சிட்டு வந்து கேக்கறேன்."

மேனேஜரம்மா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். மருமகள் அழவில்லை, கெஞ்சவில்லை, பொய்யாக ஒரு சொல் இல்லை. தனக்கு உரியதைவிட ஒரு ரூபாய் கூடவும் கேட்கவில்லை. இப்படியும் சம்பளம் பேசலாம் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

சூப்பர்வைசரை விசாரித்து, பழைய வருசத்தையும் சேர்த்து, அடுத்த மாதம் பதினைந்தாயிரமாகப் போட்டார்கள்.

அது வந்த அன்று பஸ்ஸில் கேட்டாள். "உங்களுது எவ்வளவுங்க அத்தே?"

சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"மேல் எல்லைக்கும் மேலயா! எத்தன தடவ அழுதீங்க?"

"நீ ஏன் கேக்கற? ஒவ்வொரு தடவயும் நல்லாத்தான் அழுதேன்."

அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கோபித்துக்கொள்வாள் என்று பயந்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மேல் எல்லைய ஏத்தச் சொல்லி அடுத்த வருசம் எல்லாருமாப் போய்க் கேப்போம். நீங்களும் வாங்க. ஆனா கூரையப் பத்திப் பேசக்கூடாது" என்றாள்.

சரி என்றேன். கூரையை அதற்கு முந்தின வருசமே மாற்றிவிட்டிருந்தோம்.