முனியப்பனுக்கு ஒரு வால்வு, இரண்டாயிரம் பிரதிகள்

சாந்தகுமாரிக்குப் பிழை கண்ணில் பட்டால் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். சிவப்புப் பேனா அதற்கப்புறம்தான். சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த அச்சகத்தில் பதினாறு வருஷம் மெய்ப்புத் திருத்தியவள். பிறந்து வளர்ந்தது அல்சூர். ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் காலை ஏழரைக்கும் சாப்பாடு அதே ஏழரைக்கும் இருந்ததைப் பார்த்துவிட்டு, "தாலி கட்டிக்கிட்டே சாப்பிடுவாங்களா?" என்று பெண்ணின் அப்பாவிடமே கேட்டவள். அச்சக முதலாளி ரெமிஜியஸ் அவளைத் திட்டியதும் உண்டு, ஆனால் அவள் கையெழுத்துப் போடாமல் எதையும் மெஷினுக்கு அனுப்பியதில்லை.

1998 ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை கவியரசன் வந்தார். அல்சூர் ஏரிக்கரை நண்பர்கள் மன்றத்தின் செயலாளர். மேடை கிடைத்தால் இறங்க மாட்டார். மன்றத்து உறுப்பினரான அடுகோடித் தச்சர் முனியப்பனுக்கு இருதய வால்வு மாற்ற வேண்டும். அதற்கு நிதி திரட்ட ஒரு வேண்டுகோள் துண்டறிக்கை. கீழே கிழித்து அனுப்பக் கூப்பன்.

"ரெண்டாயிரம் காப்பி. சாயங்காலம் வேணும்" என்றார்.

ரெமிஜியஸ் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்த மெய்ப்பை சாந்தகுமாரி மேசையில் விரித்தாள். இரண்டாவது வரியிலேயே அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், எவ்ளோ ரூபா வேணும்?"

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். தலைப்புலயே இருக்கே."

"தலைப்புல எண்ல அப்படி இருக்கு. கீழ எழுத்துல ‘இரண்டு லட்சத்து நாலாயிரம்’னு இருக்கு. எதை நம்பறது?"

கவியரசன் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்தார். ஆபரேஷன் ஒரு லட்சத்து அறுபதாயிரம், வால்வு ஐம்பத்தைந்தாயிரம், மருந்துக்கு இருபத்தைந்தாயிரம். சாந்தகுமாரி பேனா முனையால் கூட்டினாள். எண் சரி, எழுத்துதான் தப்பு.

"இதுவரை வந்தது முப்பத்தஞ்சாயிரம்னு போட்டிருக்கீங்க. மீதி ரெண்டு லட்சத்துப் பதினஞ்சாயிரமாம். பத்தாயிரம் கூடுதலா இருக்கே, பிரியாணிக்கா?"

"மேடம், கணக்கு எனக்கு ஸ்வல்ப வீக்கு."

"இரண்டு லட்சத்து ஐயாயிரம்னு மாத்திடறேன். கடைசித் தேதி ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. காலண்டர் பாருங்க, அன்னைக்குத் திங்கள். கூப்பன்ல 13ன்னு இருக்கு. இந்த லெட்டர்லயோ 24ஆம் தேதிக்குள்ள பணம் கட்டணும்னு எழுதியிருக்கு. ஒரு வாரம் கழிச்சு வர்ற பணத்த வச்சு என்ன பண்ணுவீங்க?"

செக் மாறவும் நாள் வேண்டும் என்று யோசித்து, 19 புதன்கிழமை என்று முடிவானது. வெளியூர்ச் செக் மாற இரண்டு வாரம்கூட ஆகும் என்பதால் வெளியூர்க்காரர்கள் டிராப்ட் எடுத்து அனுப்ப வேண்டும் என ஒரு வரி சேர்ந்தது. தேதி வரும் மூன்று இடத்திலும் சாந்தகுமாரி வட்டம் போட்டுத் திருத்தினாள்.

அடுத்தது வங்கி விவரம். மேலே கணக்கு எண் 10472. கூப்பனில் 10427. மேலே இருந்ததும் வரி போதாமல் ‘104-’ என்று உடைந்து அடுத்த வரியில் ‘72’ என்று விழுந்திருந்தது.

"இந்தக் கோடும் நம்பர்ல சேர்த்தின்னு ஜனங்க எழுதிடுவாங்க. நம்பர் ஒரே வரியில வரணும். செக்கு ‘முனியப்பன் இருதய நிதி’ன்ற பேருக்குன்னு போட்டிருக்கீங்க. அந்தப் பேர்ல கணக்கு இருக்கா?"

"கணக்கு மன்றத்துப் பேர்லதான். இது சும்மா உருக்கமா இருக்கட்டும்னு..."

"உருக்கமா இருக்கும், செக்கு திரும்பி வரும். பாஸ்புக் கொண்டாங்க. அதுல இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து போடணும்."

கவியரசன் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோ பிடித்து அல்சூர் போனார். அவர் தலை மறைந்ததும் சாந்தகுமாரி மீதியைப் படித்தாள். ‘வறுமைச் சேற்றில் புழுவாய் நெளியும் முனியப்பன் என்னும் இந்தப் பாவப்பட்ட ஜீவன், உங்கள் காலடியில் கையேந்திக் கிடக்கிறது’ என்று இருந்தது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. முனியப்பனை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு மனிதரைப் பற்றிக் ‘கிடக்கிறது’ என்று எழுதியது உறுத்தியது. நேராகச் சொன்னால் கவியரசன் இலக்கிய நயம் என்று அரை மணி நேரம் பேசுவார்.

"ரெமி சார், முனியப்பன்னு வர்ற இடத்துல எல்லாம் கவியரசன்னு மாத்தி ஒரு காப்பி எடுங்க."

ரெமிஜியஸ் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு சந்தோஷமாக மாற்றினார். கம்ப்யூட்டருக்கு அது ஒரு தட்டு வேலை.

பாஸ்புக்கோடு வந்த கவியரசனுக்கு டீ வரவழைத்து, அந்தத் தாளை நீட்டினாள். அவர் சத்தம் போட்டுத்தான் படிப்பார். "வறுமைச் சேற்றில் புழுவாய் நெளியும் கவியரசன்..." குரல் நின்றது.

"என்ன மேடம் இது? நாலு பேர் படிச்சா நான் தெருவுல நடக்க முடியுமா?"

"பேர் ஒன்னுதான் மாத்தினேன் சார். மத்ததெல்லாம் உங்க எழுத்து."

கவியரசன் டீயைக் குடித்து முடித்தார். "அவன் படிச்சா என்ன சொல்வான்?" என்று கடைசியில் கேட்டார், தனக்குத்தானே போல.

"கேட்டுடலாமே."

முனியப்பன் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து பேசினார். கவியரசன் அறிக்கையைத் தயங்கித் தயங்கி வாசித்து, மகள்களைப் பற்றிய வரியையும் போடப்போகும் படத்தையும்கூடச் சொன்னார். மறுமுனையில் முனியப்பன் இரைத்துக்கொண்டே சொன்னார்.

"செயலாளரே, வால்வுதான்யா கெட்டுப்போச்சு, கை நல்லாத்தான் இருக்கு. முப்பது வருஷமா அடுகோடியில கதவு ஜன்னல் செய்யறவன்னு போடு. ஆபரேஷன் ஆனா மறுபடியும் செய்வேன்னு போடு. பொண்ணுங்களப் பத்தி எழுதினத எடுத்துடு. பெரியவளுக்கு வரன் பாத்துட்டிருக்கோம். அப்புறம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டோ வேணாம். கேரம் போட்டியில கப்பு வாங்கினேன் பாரு, அத போடு."

அவர் சொன்னதையே சாந்தகுமாரி எழுதிக்கொண்டாள். ‘முனியப்பன் அவர்கள்’, ‘வேண்டுகிறோம்’ என்பதைத் தவிர அவள் சேர்த்தது எதுவும் இல்லை. பாஸ்புக்கைப் பார்த்து மன்றத்தின் பெயர், கிளை, சேமிப்புக் கணக்கு எண் 10472 எல்லாம் தனித்தனி வரியாக ஒரு கட்டத்துக்குள் போயின. கூப்பனிலும் அதே. ரெமிஜியஸ் பெயரைத் திரும்ப மாற்றினார். சாந்தகுமாரி தொகை, தேதி, எண் எல்லாவற்றையும் இரண்டு முறை ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மெஷினுக்குப் போகுமுன் கவியரசன் தாளை வாங்கினார். எல்லாரையும் போல அவரும் முதலில் தன் பெயர் இருக்கும் இடத்தைத்தான் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"மேடம், மன்றத்துச் செயலாளர் யாரு?"

"நீங்கதான்."

"இங்க ‘இவண், முனியப்பன், செயலாளர்’னு இருக்கு. அவனுக்கு அவனே வசூல் பண்றானா?"

பெயரை மொத்தமாகத் திரும்ப மாற்றியபோது, கையெழுத்தில் நியாயமாக இருந்த கவியரசனும் முனியப்பனாகிவிட்டார். சாந்தகுமாரியின் காது சிவந்தது. பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளர் பிழை பிடித்ததில்லை. ரெமிஜியஸ் மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அவள் பேனாவைக் கவியரசனிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப் போல ஒரு பெரிய வட்டம் போட்டார்.

பத்தொன்பதாம் தேதி வரை ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் வந்தது. ஒரு செக்கும் திரும்பவில்லை. குறைந்த பதினேழாயிரத்தை, கேரம் கப் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்ட பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து போட்டார்கள். ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது.

நவம்பரில் முனியப்பன் தானே அச்சகத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார், மூச்சு சீராக இருந்தது. நன்றி அறிவிப்பு ஒன்றை நாலே வரியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். சாந்தகுமாரி அதை மூன்று முறை படித்தாள். தொகை சரி, தேதி சரி, ஒற்றுப்பிழைகூட இல்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கடைசியில் மூன்றாவது வரியில் ஒரு காற்புள்ளி வைத்தாள்.

"அது எதுக்கும்மா?" என்றார் முனியப்பன்.

"மூச்சு விட்டுப் படிக்க."

"இப்ப ஒரே மூச்சுல படிக்கறேன்" என்று அவர் படித்தும் காட்டினார். அவள் அந்தக் காற்புள்ளியை அடித்துவிட்டாள்.